புதுத் தளத்தில் பிராண்டு இப்போதே இறங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

மைக்கூடு
வணக்கம். ஃபவுண்டன் பேனா மையும் நோட்டுப் புத்தகமும் விற்கும் ஒரு சின்ன பிராண்டின் சமூக ஊடகக் கணக்குகளை நான் பார்த்துக்கொள்கிறேன். முழுநேரம் நான் ஒருத்தி, அரைநேரம் இன்னொருவர். இரண்டு பேருக்கும் சேர்த்து வாரம் 22 மணி நேரம்தான் இந்த வேலைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் இரண்டு தளங்களும் ஒரு மின்னஞ்சல் மடலும் ஓடுகின்றன.

மூன்று வாரமாக எல்லோரும் ஒரு புதுத் தளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எழுத்தும் படமும் கலந்த தளம். பெயர் வேண்டாமென்று விட்டிருக்கிறேன், அடுத்த வருடம் வேறொன்று வந்தாலும் கேள்வி இதேதான். முதலாளி "நாளைக்கே இறங்கணும்" என்கிறார். கூட இருப்பவர் "ஆறு மாசம் பார்ப்போம்" என்கிறார். இரண்டு பேரும் சொல்வது உள்ளுணர்வுதான். எதை அளந்தால் இதற்கு விடை கிடைக்கும்?

விரைவுத்தபால்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இறங்குங்கள். புதுத் தளத்தில் ஆட்கள் திமுதிமுவென்று வருவார்கள், அவர்களுக்குக் காட்ட அங்கே பதிவு குறைவாக இருக்கும். அதனால் சின்னக் கணக்கின் பதிவையும் தளமே தூக்கிக் காட்டும். ஒரு வருடம் கழித்துப் போனால் அதே பார்வைக்கு விளம்பரக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். பொறுத்திருந்தவர்கள் எல்லாத் தளத்திலும் இழந்திருக்கிறார்கள். அதோடு உங்கள் பெயரை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

நூல்கண்டு
பழைய தளத்தை விட்டு விலகுவது பெரிய முடிவு. பின்தொடர்வோர் எல்லோரும் கூடவே வர மாட்டார்கள். பழைய கணக்கை அழிக்கும் முன் பதிவுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில தளங்களில் அந்தக் கோப்பு தயாராகவே சில நாள் ஆகும்.

மைக்கூடு
@நூல்கண்டு, விலகவில்லை. பழையவை அப்படியே ஓடும். கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பதா என்பதுதான் கேள்வி. தரவிறக்கும் யோசனை நல்லது, அதைத் தனியாகச் செய்துவிடுகிறேன்.

அளவுகோல்
விரைவுத்தபால் சொன்னதில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. முதலில் அதைப் பிரிக்க வேண்டும். பெயரைப் பிடித்து வைப்பது ஒரு வேலை, கணக்கை நடத்துவது வேறு வேலை. முதலாவதுக்கு அரை மணி நேரம் போதும், அதை இன்றே செய்யலாம். இரண்டாவது வாரா வாரம் நேரத்தைத் தின்னும், அதற்குத்தான் பொறுத்துப் பார்ப்பது. "இறங்கலாமா வேண்டாமா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் உங்கள் முதலாளியும் சக ஊழியரும் காலம் முழுக்க மோதிக்கொண்டிருப்பார்கள். இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

இனி, எதை அளப்பது? முதல் வாரங்களில் வெளியே தெரியும் எண் "இத்தனை பேர் சேர்ந்தார்கள்" என்பதுதான். உங்களுக்கு உதவாத எண்ணும் அதுதான். திரெட்ஸையே பாருங்கள். 2023 ஜூலை 5-ஆம் தேதி வந்தது, ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். அதே ஜூலையிலேயே தினமும் திறப்போர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழுந்துவிட்டதாக வெளி அளவீடுகள் காட்டின. இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே ஒரு தட்டில் நுழைய முடிந்ததால் ஆர்வத்துக்கு எட்டிப் பார்த்தவர்கள் அவ்வளவு பேர்.

விரைவுத்தபால்
ஆனால் திரெட்ஸ் சாகவில்லையே! அப்போது "முடிந்தது" என்று எழுதியவர்கள் எத்தனை பேர். பிறகு அது வளர்ந்து 2024 முடிவதற்குள் மாதம் 30 கோடிப் பேரைத் தொட்டது. நான் சொல்வதும் அதுதான்.

அளவுகோல்
சரியாகச் சொன்னீர்கள். அந்தச் சரிவை மட்டும் பார்த்து ஒதுங்கியவர்களும் தவறினார்கள். ஆனால் அது உங்கள் வாதத்துக்கு ஆதரவாகவும் நிற்கவில்லை. 2023 ஜூலையில் இறங்கிய பிராண்டுக்கு அங்கே என்ன இருந்தது என்று பாருங்கள். சொல்லைக் கொடுத்துப் பதிவுகளைத் தேட முடியாது. உலாவியில் திறந்து பதிவிட முடியாது, அது ஆகஸ்டில்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிசம்பர் வரை தளமே கிடையாது. வெளிக் கருவிகள் வழியாகப் பதிவிட வசதி 2024 ஜூனில்தான் வந்தது. தனிச்செய்திக்கு 2025 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் பொறுத்து 2024 ஜனவரியில் போனவர் பெரிதாக எதை இழந்தார்? பெயரைக்கூட இழக்கவில்லை, இன்ஸ்டாகிராம் பெயர்தான் அங்கேயும்.

இன்னொரு பக்கம் கிளப்ஹவுஸ் என்ற குரல் உரையாடல் தளம். 2021 தொடக்கத்தில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. ஆனால் 2021 மே வரை ஐபோனில் மட்டும்தான் இருந்தது, ஜூலை வரை அழைப்பு இருந்தால்தான் நுழைய முடியும். கதவு எல்லோருக்கும் திறந்தபோது கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. ட்விட்டர் போன்ற பெரிய தளங்கள் அதே வசதியைத் தங்களுக்குள் கொண்டுவந்துவிட்டன.

இரண்டிலும் முதலில் ஏற்றம், பிறகு சரிவு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வளைவு. ஒன்று எழுந்தது, மற்றது எழவில்லை. அதனால் தளம் பிழைக்குமா என்று ஊகிப்பதை விடுங்கள். உங்கள் ஆட்கள் அங்கே நிற்கிறார்களா என்று எண்ணுங்கள். அதை நீங்களே எண்ணலாம்.

மைக்கூடு
எப்படி எண்ணுவது? கணக்கே தொடங்காத தளத்தில் என் ஆட்கள் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அளவுகோல்
பழைய தளங்களிலிருந்து 60 பேரைப் பட்டியல் எடுங்கள். 20 பேர் உங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாங்கி அதைப் பற்றிப் பொதுவில் எழுதியவர்கள். 20 பேர் பேனா, மை பற்றி எழுதும் ஆர்வலர்கள், உங்களிடம் வாங்கியிருக்கவே வேண்டாம். 20 பேர் கையெழுத்துக் கலைஞர்கள், கடைக்காரர்கள், இப்படித் தொழிலோடு தொடர்புள்ளவர்கள். உங்களுக்குப் பிடித்தவர்களாகப் பொறுக்காதீர்கள். கடந்த மூன்று மாதத்தில் உங்களைக் குறிப்பிட்டவர்களை வரிசையாக எடுத்து, மூன்றில் ஒருவர் என்று எண்ணிச் சேருங்கள். இல்லையென்றால் எப்போதும் இணையத்திலேயே இருப்பவர்களாகப் பட்டியல் நிரம்பிவிடும்.

வாரம் ஒரு நாள், அதே கிழமையில், ஒவ்வொருவருக்கும் நான்கு விஷயம் குறியுங்கள். அங்கே கணக்கு இருக்கிறதா? கடந்த 7 நாளில் சொந்தமாக எதையாவது எழுதினாரா? பிறருக்குப் பதில் எழுதினாரா? எழுதியது பழைய தளத்தில் போட்டதன் நகல்தானா? கடைசிக் கேள்வி முக்கியம். நகல் போடுபவர் அங்கே வாழவில்லை, அவருடைய கருவி வாழ்கிறது. அவரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பதில் எழுதுபவர்தான் உண்மையில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்.

முதல் முறை ஆட்களைத் தேடிப் பிடிக்க இரண்டு மணி நேரம் ஆகலாம். பிறகு வாரம் 40 நிமிடம். நான்கு வாரம் ஓடட்டும்.

கதவிலக்கம்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது மென்பொருள் நிறுவனம், வாடிக்கையாளர்களே மொத்தம் 40 நிறுவனங்கள்தான். எங்களுக்கும் 60 பேர் பட்டியல் வேண்டுமா?

அளவுகோல்
வேண்டாம். 40 என்றால் ஒவ்வொரு நிறுவனத்திலும் வாங்கும் முடிவு எடுப்பவர் யாரென்று உங்கள் விற்பனையாளருக்குத் தெரியும். அடுத்த அழைப்பில் "போன வாரம் எந்தத் தளங்களைத் திறந்தீர்கள்" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். "நாங்கள் அங்கே வந்தால் பார்ப்பீர்களா" என்று மட்டும் கேட்க வேண்டாம். மரியாதைக்கு எல்லோரும் "ஆமாம்" என்பார்கள்.

வாடிக்கை
நான் வாடிக்கையாளர் சேவைப் பக்கம். பெயரைப் பிடித்து வைப்பது அரை மணி நேர வேலை என்று அளவுகோல் எழுதியிருக்கிறார். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெயர் பிடித்த அன்றே அந்தக் கணக்கு ஆட்களின் கண்ணில் பட ஆரம்பிக்கும். பதிவே இல்லாவிட்டாலும் ஆர்டர் வராதவர் அங்கே வந்து கேட்பார். நீங்கள் இரண்டு வாரம் திறக்காமல் விட்டால் பதில் இல்லாத புகார்கள் உங்கள் பெயருக்குக் கீழே வரிசையாக நிற்கும். கணக்கே இல்லாத நிலையை விட அது மோசம்.

தனிச்செய்தி வசதி இல்லாத தளத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆட்கள் ஆர்டர் எண், தொலைபேசி எண், முகவரி எல்லாவற்றையும் பொதுப் பதிலிலேயே கொட்டிவிடுவார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பெயரில் ஒரு போலிக் கணக்கு "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று அவர்களுக்குப் பதில் எழுதும். புதுத் தளங்களில் புகார் கொடுத்துப் போலியை நீக்க நாள் ஆகும்.

அதனால் பெயர் பிடிக்கும்போதே ஒரே ஒரு பதிவு போட்டு மேலே குத்தி வையுங்கள்: "இது எங்கள் அதிகாரப்பூர்வக் கணக்கு. இங்கே இன்னும் பதில் சொல்லத் தொடங்கவில்லை. ஆர்டர் பற்றிய கேள்விகளுக்கு இந்த மின்னஞ்சல். எங்கள் ஊழியர் யாரும் இங்கே உங்கள் எண்ணையோ பணத்தையோ கேட்க மாட்டார்கள்." யாராவது உங்களைக் குறிப்பிட்டால் அறிவிப்பு பொது மின்னஞ்சலுக்கு வரும்படி அமைத்துவிடுங்கள். அப்போது தினமும் தளத்தைத் திறக்க வேண்டியதில்லை.

பூட்டுசாவி
அந்தப் பொது மின்னஞ்சல் பற்றி ஒரு வார்த்தை. ஆர்வத்தில் யாராவது ஒரு ஊழியர் தன் சொந்த மின்னஞ்சலிலும் தன் கைபேசி எண்ணிலும் பிராண்டுக் கணக்கைத் திறந்துவிடுவார். அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் இரண்டாம் கட்டக் குறியீடு அவர் கைபேசிக்குப் போகிறது என்பது தெரியவரும். நிறுவன டொமைனில் இதற்கென்றே ஒரு முகவரி, குறியீட்டுச் செயலி, மீட்புக் குறியீடுகள் ஒரு பகிர்ந்த கடவுச்சொல் பெட்டகத்தில். இதையும் சேர்த்தால்தான் அந்த அரை மணி நேரம்.

அடுத்து, அதிகாரப்பூர்வம் என்று காட்டும் வழி. தளத்துக்குத் தளம் வேறு. புளூஸ்கையில் உங்கள் இணையதள டொமைனையே பெயராக வைக்கலாம், யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டாம். டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு பதிவு சேர்த்தால் போதும்:

```
Host:  _atproto
Type:  TXT
Value: did=did:plc:xxxxxxxx
```

`did:plc:` தொடங்கும் மதிப்பை அமைப்புகளில் பெயர் மாற்றும் இடத்தில் அந்தத் தளமே காட்டும். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று. சில டொமைன் நிறுவனங்களின் பக்கத்தில் டொமைன் பெயர் தானாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரைத் தட்டினால் டொமைன் இரண்டு முறை வந்து சரிபார்ப்பு தோற்கும். `_atproto` மட்டும் போடுங்கள். இப்படிச் செய்தபின் போலிக்காரர் ஒத்த பெயர் வைக்கலாம், ஆனால் உங்கள் டொமைனை வைக்க முடியாது.

விரைவுத்தபால்
பிராண்டுக்கு என்று தனிக் கணக்கு வகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கூகுள் பிளஸ் 2011 ஜூனில் வந்தபோது முந்திக்கொண்டு போன நிறுவனங்களின் கணக்குகளைக் கூகுளே எடுத்துவிட்டது. பிராண்டுப் பக்கங்கள் நவம்பரில்தான் வந்தன. இதில் நான் முந்திக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

அளவுகோல்
நல்ல உதாரணம், எனக்குத் தோன்றவில்லை. நிபந்தனைகள் பக்கத்தில் வணிகப் பயன்பாடு என்ற பகுதியை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். குறுங்காணொளித் தளமாக இருந்தால் இசையையும் பாருங்கள். டிக்டாக்கில் வணிகக் கணக்குக்கு வணிக அனுமதி பெற்ற இசைத் தொகுப்புதான் கிடைக்கும். பிரபலமான பாட்டுகள் தனியாள் கணக்குக்குத்தான். தனியாட்கள் வைரலாவதைப் பார்த்து "நாமும் அப்படிச் செய்யலாம்" என்று திட்டம் போட்டால் அந்தத் திட்டத்தின் பாதி அங்கேயே விழும்.

மைக்கூடு
பெயரைப் பிடித்துவிட்டேன், பதிவும் குத்தியாயிற்று. பட்டியல் 60 பேரோடு தயார். இன்று முதல் எண்ணிக்கை எடுக்கிறேன். நான்கு வாரம் கழித்து இங்கேயே போடுகிறேன்.

மைக்கூடு (நான்கு வாரம் கழித்து)
எண்கள் இதோ. 60 பேரில் முதல் வாரம் 34 பேருக்குக் கணக்கு இருந்தது, இப்போது 37. நகல் போடுபவர்களைக் கழித்துவிட்டு, 7 நாளில் சொந்தமாக எழுதியோ பதில் சொல்லியோ இருந்தவர்கள்: முதல் வாரம் 27, இரண்டாம் வாரம் 19, மூன்றாவது 14, நான்காவது 12.

முதலாளி 37-ஐப் பார்த்து "ஏறுகிறது" என்கிறார். சக ஊழியர் 12-ஐப் பார்த்து "விழுகிறது" என்கிறார். மறுபடியும் அதே இடம்.

அளவுகோல்
விழுந்த அளவுகளை வரிசையாகப் பாருங்கள்: 8, 5, 2. ஒவ்வொரு முறையும் இழப்பு சுருங்குகிறது. அடியில் ஏதோ தரை இருப்பதுபோல் தெரிகிறது. 27, 19, 11, 3 என்று போயிருந்தால் தரையே இல்லை, அப்போது நான் பொறுக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் 60 பேர் சின்னப் பட்டியல். 14-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தில் எதையும் படிக்காதீர்கள், இருவர் ஊருக்குப் போயிருந்தால்கூட அப்படி வரும். நம்பக்கூடியது அந்தப் பொது வடிவம் மட்டும்தான். இன்னும் இரண்டு வாரம் எண்ணினால் 10-க்கு மேலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

அதைவிட எனக்கு வேண்டியது வேறு. அந்த 12 பேர் யார்? மூன்று வகையில் எதில் எத்தனை?

மைக்கூடு
ஆர்வலர்கள் 9. வாடிக்கையாளர் ஒருவர். கலைஞர்கள் 2.

அளவுகோல்
இதுதான் உங்கள் விடையின் பெரும்பகுதி. அங்கே நிற்பவர்கள் வாங்க வந்தவர்கள் இல்லை, மையைப் பற்றிப் பேச வந்தவர்கள். "புது நிறம் வந்துவிட்டது, 10 சதவீதத் தள்ளுபடி" என்று பதிவு போட்டால் அங்கே ஒருவரும் திரும்ப மாட்டார்கள். அதை வைத்து "இந்தத் தளம் வேலை செய்யவில்லை" என்று முடிவெடுத்தால் அது தப்பான முடிவு. ஒரு மை எந்தத் தாளில் எத்தனை நொடியில் காய்கிறது, எந்த முனையில் நிழல் தட்டுகிறது, தண்ணீர் பட்டால் எவ்வளவு நிற்கிறது, அடைத்துக்கொண்ட பேனாவை எப்படிக் கழுவுவது, இதெல்லாம் அவர்களுக்கு வேண்டும். உங்களிடம் அந்தத் தகவல் சோதனைக் குறிப்புகளாக ஏற்கெனவே இருக்கும். இறங்கினால் அதற்காக இறங்குங்கள்.

விரைவுத்தபால்
ஒன்றை விட்டுவிட்டீர்கள். எழுதாமல் படிக்க மட்டும் வருபவர்கள்தான் எந்தத் தளத்திலும் அதிகம். வாடிக்கையாளர் ஒருவர்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பத்துப் பேர் தினமும் படித்துக்கொண்டு இருக்கலாம். இந்தப் பட்டியல் முறை அவர்களைப் பார்க்கவே பார்க்காது.

அளவுகோல்
உண்மை, பட்டியல் முறையின் பெரிய குறை அதுதான். ஓரளவு ஈடுகட்ட ஒரு வழி: ஆர்டர் முடிந்ததும் வரும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி, "கடந்த 7 நாளில் இவற்றில் எதையெல்லாம் திறந்தீர்கள்?" ஆறு தளங்களின் பெயரை ஒவ்வொருவருக்கும் வரிசை மாற்றிக் காட்டுங்கள். புதுத் தளத்தை மட்டும் தனியாகக் கேட்டால் எண் ஊதிவிடும். பிப்ரவரியில் கேட்டதையும் ஏப்ரலில் கேட்டதையும் ஒப்பிட முடியும்படி கேள்வியை மாற்றாமல் வையுங்கள். 200 பதில் சேரும்வரை அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

வாடிக்கை
22 மணி நேரத்தில் இது எங்கே நுழையும் என்று யாரும் கேட்கவில்லையே.

மைக்கூடு
போட்டுப் பார்த்தேன். வாரம் மூன்று பதிவு, ஒவ்வொன்றுக்கும் மைச் சோதனைப் படம் உட்பட 50 நிமிடம், ஆக இரண்டரை மணி. பதில் சொல்ல நாளுக்கு 20 நிமிடம், ஆறு நாளுக்கு இரண்டு மணி. பிறர் எழுதுவதைப் படிக்க நாளுக்கு 10 நிமிடம், ஒரு மணி. கணக்கெடுக்க 40 நிமிடம். எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலே. எங்கள் நேரத்தில் கால் பங்குக்கும் அதிகம். பழைய தளத்துக்குப் போடுவதையே நகலெடுத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார் சக ஊழியர்.

அளவுகோல்
நகலெடுத்துப் போட்டால் சோதனை எதையும் சொல்லாது. அங்கே இருப்பது ஆர்வலர்கள், உங்கள் பழைய தளப் பதிவுகள் வாங்குபவர்களுக்கு எழுதப்பட்டவை. பதில் வராது. "தளம் சரியில்லை" என்று எழுதி வைப்பீர்கள். உண்மையில் சோதித்தது தளத்தை அல்ல, நகலை. ஆறு மணி நேரம் கொடுக்க முடியாது என்றால் வாரம் ஒரே பதிவாகக் குறையுங்கள், ஆனால் அந்தத் தளத்துக்கென்றே எழுதுங்கள். பதில் சொல்லும் நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

அந்த ஆறு மணி நேரம் எதிலிருந்து வரும் என்று இப்போதே எழுதுங்கள். எழுதாவிட்டால் அது மின்னஞ்சல் மடலிலிருந்துதான் போகும், ஏனென்றால் மடல் தாமதமானால் யாரும் உடனே கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த முகவரிப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது, வேறொருவர் விதி மாற்றியதால் அது போகாது. மீர்கட் என்ற நேரலைச் செயலியை நினைத்துப் பாருங்கள். 2015 மார்ச்சில் அது பரபரப்பாக இருந்தபோதே ட்விட்டர் தன் நட்புத் தொடர்புகளை அதற்குக் கொடுப்பதை நிறுத்தியது, அதே மாதம் சொந்தமாகப் பெரிஸ்கோப்பைக் கொண்டுவந்தது. மீர்கட்டில் நேரம் போட்டவர்களிடம் ஆறு மாதம் கழித்து என்ன மிஞ்சியது?

மைக்கூடு
சரி, மடலைத் தொடவில்லை. இரண்டாம் தளத்தில் வாரம் ஐந்து பதிவை இரண்டாக்குகிறேன், அங்கிருந்து ஐந்து மணி கிடைக்கும். மீதிக்குப் புதுத் தளத்தில் மூன்று பதிவை இரண்டாக்கி, படிக்கும் நேரத்தையும் பாதியாக்குகிறேன். ஆறு வாரம், 12 பதிவு. எப்போது நிறுத்துவது?

அளவுகோல்
தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், முதலாளியிடமும்தான். பின்தொடர்வோர் எண்ணிக்கையை நிபந்தனையாக வைக்காதீர்கள். புதுத் தளத்தில் அந்த எண் தானாக ஏறும். தளமே "இவர்களைப் பின்தொடருங்கள்" என்று பட்டியல் நீட்டும், புதிதாக வந்தவர் எல்லோரையும் தட்டிவிட்டு அடுத்த வாரம் காணாமல் போவார். விரைவுத்தபால் சொன்ன தொடக்கக்கால இலவசப் பார்வை உண்மைதான், ஆனால் அதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பார்வை. எண் ஏறிக்கொண்டே போய், ஒரு பதிவுக்கு வரும் பதில்கள் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அடையாளம்.

பதிலாக, உழைக்கும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வெவ்வேறு மனிதர்கள் உங்களோடு பேசினார்கள் என்று எண்ணுங்கள். ஒரே ஆள் பத்து முறை எழுதினாலும் ஒன்றுதான். பழைய தளத்தில் இந்த எண் இப்போது என்ன?

மைக்கூடு
முதல் தளத்தில் வாரம் 9 மணி நேரம், போன நான்கு வாரச் சராசரி 45 பேர். மணிக்கு 5.

அளவுகோல்
அப்படியானால் புதுத் தளத்துக்குப் பாதி, மணிக்கு 2.5 என்று வையுங்கள். ஐந்தாம், ஆறாம் வாரங்களை மட்டும் கணக்கில் எடுங்கள். முதல் நான்கு வாரத்தில் புதுமைக்காகப் பேசுபவர்கள் கலந்திருப்பார்கள். 2.5-க்கு மேலே என்றால் தொடரலாம். 1-க்குக் கீழே என்றால் குத்தி வைத்த பதிவுக்குத் திரும்பிவிட்டு நான்கு மாதம் கழித்துப் பட்டியலை மட்டும் மறுபடி எண்ணுங்கள். இடையில் வந்தால் வாரம் ஒரு பதிவோடு இன்னும் ஆறு வாரம்.

விரைவுத்தபால்
இந்த 2.5 எங்கிருந்து வந்தது? பழைய தளத்தில் பல வருட உழைப்பில் வந்த 5-ஓடு ஆறு வாரக் கணக்கை ஒப்பிடுவது நியாயமில்லை. நான் 1.5 வைப்பேன். இந்த விஷயத்தில் நான் மாறப் போவதில்லை.

அளவுகோல்
அந்த எண்ணுக்குப் பின்னால் அறிவியல் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பழைய தளத்தின் முதல் ஆறு வார எண் யாரிடமாவது இருந்தால் அதோடு ஒப்பிடுவதுதான் நியாயம். யாரும் அதை எழுதி வைப்பதில்லை. 1.5 வைத்தாலும் எனக்குச் சம்மதமே, ஆறாம் வாரத்தில் எண்ணைப் பார்த்த பிறகு அதை மாற்றாமல் இருந்தால்.

வாடிக்கை
தொடர்வதென்று முடிவானால் குத்தி வைத்த பதிவை அன்றே மாற்றுங்கள். "இங்கே பதில் சொல்லவில்லை" என்று மேலே இருக்க, கீழே நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் போலிக்காரரையும் உங்களையும் பிரிப்பது ஆட்களுக்குக் கடினம். பதில் சொல்லும் நேரத்தையும் அதில் போடுங்கள்.

மைக்கூடு
2 என்று வைத்து முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். முதல் பதிவு திங்கட்கிழமை: நான்கு தாள்களில் ஒரே மை, காயும் நேரம் நொடிக்கணக்கில். இன்னொரு சந்தேகம். ஆர்வலர்களில் ஒருவர் போட்டி பிராண்டின் மையைப் பற்றிக் கேட்டு என் பதிவுக்குக் கீழே ஒரு நீண்ட உரையாடல் ஓடினால், அதில் பேசியவர்களை எண்ணுவதா?

அளவுகோல்
உங்களுக்கு எழுதியவர்களை மட்டும். அவர்களுக்குள் பேசிக்கொண்டதைத் தனி நிரலில் போட்டு வையுங்கள். அந்த நிரல் முதலாவதை விட வேகமாக ஏறினால் வந்து சொல்லுங்கள், அதை எப்படிப் படிப்பது என்று எனக்கும் இன்னும் தெளிவில்லை.